மாலை வகுப்பில் உடைந்த குரல்: கடலூர் வீடு ஒன்றின் இணைய வேகப் புகார்

## பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. கீழ்த்தளத்தில் மாமனாரும் மருமகளும் பள்ளிக்குப் போகும் பையனும், மாடி அறையில் மருமகளின் கொழுந்தனார். மருமகள் பிளஸ் டூ மாணவர்களுக்கு மாலை 6.30 முதல் 8.30 வரை ஆன்லைனில் கணக்குப்பதிவியல் எடுக்கிறார். கொழுந்தனாருக்குக் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் தொழில். ஃபைபர் இணைப்பு, இறக்கம் ஏற்றம் இரண்டுக்கும் 50 எம்பிபிஎஸ் என்ற திட்டம். ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கும் ஒரே பெட்டிதான் ஃபைபரையும் வாங்குகிறது, வைஃபையையும் தருகிறது.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. வகுப்பு நடக்கும்போது ஆசிரியையின் குரல் மாணவர்களுக்கு உடைந்து உடைந்து கேட்டது. நிறுவனத்துக்குப் போன் செய்தார்கள். மறுநாள் காலை 11 மணிக்கு ஆள் வந்தார், தன் மொபைலில் வேகம் பார்த்தார், 48 காட்டியது. "லைன் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அடுத்த புகாருக்கும் இதேதான் நடந்தது. அப்புறம் ஆடி மாதம் முழுக்கத் தொல்லையே இல்லை. நிறுவனம் ஏதோ சரிசெய்துவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஆவணி பிறந்ததும் மறுபடி ஆரம்பித்தது. இடையில் ஒரு வைஃபை எக்ஸ்டெண்டரும் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டார்கள். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிவிடலாம் என்று மாமனார் முடிவெடுத்த நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் அதே தெருவில் இருப்பவன். சில வருடங்கள் கேபிள் இணைய ஆபரேட்டர் ஒருவரிடம் புகார்களுக்குப் போய்வந்த அனுபவம் உண்டு. "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லி வரும் போனை எதிர்முனையில் இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். லைன் உயிரோடு இருக்கிறதா என்று திரையில் பார்ப்பார். இருந்தால், பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார். அதற்கு மேல் எதையும் தேடிப்போக அந்த ஒரு சொல் இடம் கொடுப்பதில்லை. அதனால் முதலில் வீட்டுக்குள்ளேயே ஒரு வரிசையில் பார்த்துவிடுவோம், மிச்சம் இருந்தால் போன் செய்வோம் என்று சொன்னேன்.

## எதையும் தொடுவதற்கு முன் கேட்டவை

எது மெதுவாக இருக்கிறது, யாருக்கு, எப்போது. இந்த மூன்றையும் ஆசிரியையிடம் கேட்டேன்.

எது என்பதற்கு அவர் சொன்ன பதிலில் நிறைய விஷயம் இருந்தது. வகுப்பில் குரல் உடைகிறது. வாட்ஸ்அப் கால் இழுக்கிறது. இணையப் பக்கத்தைத் தொட்டால் சில வினாடி ஒன்றும் நடக்காமல் நின்று, பிறகு முழுப் பக்கமும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. ஆனால் அதே நேரத்தில் ஹாலில் பையன் யூடியூப் பார்க்கிறான், அது நிற்காமல் ஓடுகிறது.

யூடியூப் வரப்போகும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு வினாடி தாமதம் வந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. நேரலைப் பேச்சில் அப்படிச் சேமித்து வைக்க வழியில்லை, அரை வினாடி தாமதம்கூட அப்படியே காதில் விழுந்துவிடும். ஆகவே யூடியூப் ஓடி, பேச்சு மட்டும் உடைந்தால் நீங்கள் தேட வேண்டியது தாமதத்தை. எவ்வளவு எம்பிபிஎஸ் வருகிறது என்ற கேள்வி அதற்கு அடுத்தது. ஒரு வீடியோ வகுப்புக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் போதும், 50-இல் அதற்குப் பஞ்சம் வரக் காரணமில்லை.

யாருக்கு? ஆசிரியையின் லேப்டாப், அவர் மொபைல், மாமனாரின் மொபைல், எல்லாவற்றுக்கும். ஆகவே ஒரு கருவியின் கோளாறு இல்லை.

எப்போது? மாலையில்தான், ஆனால் எல்லா மாலையும் இல்லை. சில நாள் மோசம், சில நாள் ஒன்றுமே இல்லை. "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது தம்பி, பத்து நிமிஷம் போனா பழையபடி ஆயிடுது" என்றார். மோசமான நாட்களைக் காலண்டரில் ஒரு புள்ளி வைத்துக் குறிக்கச் சொன்னேன். எந்த நாளில் ஏன் மோசம் என்பதைப் பிற்பாடு காட்டிக்கொடுத்தவை அந்தப் புள்ளிகள்தான்.

## விளக்குகள், திட்டம், அளவு

மோசமான ஒரு மாலையில் போனேன். பெட்டியை அணைக்கக் கை நீண்டது, தடுத்தேன். முதலில் விளக்குகளைப் பார்க்க வேண்டும். அணைத்துப் போட்டால் அந்த நேரத்துத் தடயம் போய்விடும்.

PON என்று எழுதிய விளக்கு பச்சையில் நிலையாக எரிந்தது. LOS விளக்கு அணைந்திருந்தது. PON நிலையாக எரிந்தால் பெட்டிக்கும் நிறுவனத்தின் கருவிக்கும் இடையே ஒளி வந்துபோகிறது என்று பொருள். LOS சிவப்பில் எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி அறுந்திருக்கிறது அல்லது மிகவும் பலவீனமாக இருக்கிறது. அப்போது வேறு எந்தச் சோதனையும் வேண்டாம், நேராகப் போன் செய்துவிடலாம். இங்கே அது இல்லை.

அடுத்து நிறுவனத்தின் ஆப்பில் கணக்கைத் திறந்து பார்த்தோம். இந்த மாதிரித் திட்டங்களில் மாத வரம்பு ஒன்று இருக்கும். அதைத் தாண்டினால் மாதக் கடைசி வரை வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இவர்களுடைய வரம்பு 3300 ஜிபி, செலவானது 1100 ஜிபி சொச்சம். பில்லும் கட்டியிருந்தார்கள். சரி, இதுவும் இல்லை. ஆனால் ஆசிரியை, வக்கீல் குமாஸ்தாவாக இருந்த மாமனார், பள்ளிப் பையன் மூவரும் சேர்ந்து மாதம் பாதி போவதற்குள் 1100 ஜிபி எப்படிச் செலவு செய்வார்கள் என்ற கேள்வியைக் குறித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் மாமனார் ஒரு சந்தேகம் கேட்டார். "50-னு சொல்றான், பையன் கேம் இறக்கும்போது ஆறுதானே காட்டுது, ஏமாத்துறானா?" இல்லை. திட்டத்தில் எழுதியிருப்பது மெகாபிட். கணினி இறக்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 50-ஐ எட்டால் வகுத்தால் 6.25. ஆறு காட்டினால் 50 முழுசாக வருகிறது என்றே அர்த்தம். இந்த ஒரு குழப்பத்துக்காக வரும் போன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

## பெட்டியில் கம்பியைச் சொருகிப் பார்த்தது

வைஃபையைச் சந்தேகப்படுவது எல்லாருக்கும் சுலபம். எக்ஸ்டெண்டர் வாங்கியதும் அதனால்தான். ஆனால் வைஃபையில் சுவர், தூரம், பக்கத்து வீட்டுப் பெட்டி என்று பல காரணங்கள் கலந்து கிடக்கும். அவற்றை ஒரேயடியாக ஒதுக்க ஒரு வழி உண்டு. எக்ஸ்டெண்டரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, பெட்டியின் LAN துளையிலிருந்து ஒரு கேபிளை நேராக லேப்டாப்பில் சொருகுவது. அப்படியும் மோசமாக இருந்தால் வைஃபை குற்றவாளி இல்லை.

மோசமாகத்தான் இருந்தது. வேகச் சோதனையில் இறக்கம் 31, ஏற்றம் 4. பெரும்பாலானவர்கள் முதல் எண்ணைப் பார்த்து "31 வருதே, பரவாயில்லை" என்று மூடிவிடுவார்கள். எனக்கு அந்த 4 உறுத்தியது. ஏற்றமும் 50 இருக்க வேண்டிய லைன் இது.

பிறகு இரண்டு பிங். பிங் என்பது ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று பார்ப்பது. விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி `cmd` என்று தட்டினால் வரும் கறுப்புத் திரையில் இதைச் செய்யலாம். முதலில் `ipconfig` என்று தட்டி, Default Gateway என்ற வரியில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் வீட்டுப் பெட்டியின் முகவரி. இந்த வீட்டில் அது 192.168.1.1. அப்புறம் இரண்டு கறுப்புத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒன்றில் வீட்டுப் பெட்டியையும் மற்றொன்றில் வெளியுலகையும் தட்டிப் பார்த்தோம்:

```
ping -n 30 192.168.1.1
ping -n 30 8.8.8.8
```

30 என்பது எத்தனை முறை என்பது. பத்துக்கும் குறைவாகப் பார்த்தால் ஏமாறலாம். 8.8.8.8 கூகுள் நடத்தும் பொதுச் சேவை ஒன்றின் முகவரி. எப்போதும் பதில் சொல்லும் என்பதற்காக அதை எடுத்துக்கொண்டோம்.

வீட்டுப் பெட்டியிடமிருந்து பதில் 1 மில்லி வினாடிக்குள் வந்தது, முப்பதும் ஒரே சீராக. வெளியே போனது 380, 430, 610, நடுவில் ஒன்றிரண்டு Request timed out. நம் ஊர் ஃபைபரில் அது பத்து இருபதுக்குள் இருக்க வேண்டும்.

இப்போது இடம் சுருங்கிவிட்டது. லேப்டாப்பிலிருந்து பெட்டி வரை சுத்தம். பெட்டியிலிருந்து வெளியேறும் வாசலிலோ அதற்கு அப்பாலோதான் தடை. இந்த இடத்தில் நிறுவனத்துக்குப் போன் செய்திருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காலை 11 மணிக்கு அதே லைன் 48 காட்டியது என்பதை மறக்கக்கூடாது. லைன் மாறவில்லை, நேரம்தான் மாறியிருக்கிறது. மாலையில் கூடுதலாக நடப்பது தெருவிலா, வீட்டிலா? தெருவில் என்றால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் என்றால் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

## ஒவ்வொன்றாக விலக்கியது

லேப்டாப்பில் `ping -t 8.8.8.8` ஓடிக்கொண்டே இருக்கும்படி விட்டோம். -t என்றால் நாம் Ctrl+C அழுத்தும் வரை நிற்காது. அதைப் பார்த்துக்கொண்டே மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கினோம். மாமனாரின் மொபைலில் வைஃபை அணைத்தோம், எண் மாறவில்லை. பையனின் மொபைல், ஸ்மார்ட் டிவி, வாசல் கேமரா, எதற்கும் அசையவில்லை.

பெட்டியின் முகப்பைக் குனிந்து பார்த்தேன். LAN 1 நம் லேப்டாப். அதன் விளக்கு அவ்வப்போது சிமிட்டியது. LAN 2 விளக்கு மூச்சு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய சாம்பல் நிறக் கேபிள் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இறங்கி, ஜன்னல் வழியாக மாடிக்கு ஏறியது.

அதைக் கழற்றினோம். அடுத்த வரியிலேயே 430 இருந்த இடத்தில் 11. அப்புறம் 11, 12, 11. வேகச் சோதனை 49 இறக்கம், 48 ஏற்றம்.

மாடியில் கொழுந்தனார் முகூர்த்த நாளில் எடுத்த வீடியோவை சென்னையில் இருக்கும் எடிட்டருக்கு கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணத்துக்கு 120 ஜிபி வரை வருமாம். மாலை ஐந்தரைக்கு பிரவுசரில் போட்டுவிட்டு அவர் வேறு வேலையைப் பார்ப்பார். கணக்குப் போட்டால், 50 எம்பிபிஎஸ் முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டாலும் 120 ஜிபி ஏற ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வகுப்பு நேரம் முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது.

அவருக்கு இதில் ஆச்சரியம்தான். "நான் டவுன்லோடே பண்றதில்லையே அண்ணா, ஏத்துறேன் அவ்வளவுதானே" என்றார். வெளியே போகும் பாதை நிரம்பினால் உள்ளே வருவதும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டுமென்றால் "அனுப்பு" என்ற கோரிக்கை முதலில் வெளியே போக வேண்டும். இறங்கும் ஒவ்வொரு பகுதிக்கும் "வந்து சேர்ந்தது" என்ற ரசீதும் வெளியே போக வேண்டும். பெட்டியோ வெளியே போக வேண்டியவற்றை வந்த வரிசையிலேயே அடுக்கி வைத்து அனுப்புகிறது. தென்பெண்ணைப் பாலத்தில் மணல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது சைக்கிள்காரரும் அதே வரிசையில் நிற்க நேர்ந்தால் எப்படியோ, ஆசிரியையின் குரல் அப்படி வீடியோ பொட்டலங்களுக்குப் பின்னால் அரை வினாடி நின்றது. பையனின் யூடியூப்பும் நின்றதுதான், அவனுக்குத் தெரியவில்லை.

புள்ளி வைத்த காலண்டரை எடுத்துவந்து பார்த்தார் ஆசிரியை. மோசமான நாட்கள் எல்லாம் முகூர்த்தத்துக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோதான். ஆடியில் ஏன் தொல்லையே இல்லை என்பதும் அங்கேயே புரிந்துவிட்டது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

ரீஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடம் சரியாக இருந்ததற்கும் காரணம் இதுதான். பெட்டி அணைந்ததும் ஏற்றம் நின்றுவிடும். இணைப்பு திரும்பியதும் பிரவுசர் கொஞ்ச நேரம் தயங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, மறுபடி பாதையை நிரப்பும். ரீஸ்டார்ட் குணப்படுத்தியதாகத் தோன்றியதே பெட்டியின் மேல் சந்தேகத்தை வளர்த்தது.

## எடுத்த முடிவுகள்

ஏற்றுவதை நிறுத்தச் சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு. பெட்டியின் அமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் வேக வரம்பு வைக்கும் வசதி சில பெட்டிகளில் உண்டு, இதில் இல்லை. ஆகவே ஏற்றும் கணினியிலேயே வரம்பு வைத்தோம். பிரவுசரில் ஏற்றுவதை விட்டுவிட்டு, கூகுள் டிரைவின் கணினிச் செயலியை நிறுவினார். அதன் அமைப்பில் ஏற்ற வேகத்துக்கு ஒரு எல்லை கொடுக்க முடியும்.

அங்கே ஒரு வேடிக்கை. 50-இல் 40-ஐத் தனக்கு வைத்துக்கொண்டு 10-ஐ வீட்டுக்கு விடலாம் என்று அவர் அந்த எல்லைக் கட்டத்தில் 40 என்று அடித்தார். அந்த இடம் கேட்பது வினாடிக்கு எத்தனை கிலோபைட் என்று. 40 கிலோபைட்டில் 120 ஜிபி ஏற ஏறத்தாழ 35 நாள் ஆகும். அடுத்த முகூர்த்தம் வந்துவிடும். 4000 என்று திருத்தினோம். எட்டால் பெருக்கினால் 32,000 கிலோபிட், அதாவது 32 எம்பிபிஎஸ். வீட்டுக்கு 18 மிச்சம்.

எல்லை வைத்ததோடு, வகுப்பு முடிந்து ஒன்பது மணிக்கு மேல்தான் ஆரம்பிப்பது என்றும் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். 4000-இல் 120 ஜிபி ஏற எட்டு மணி நேரம் சொச்சம். இரவில் போட்டால் விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டில் எல்லை வைத்ததுதான் முக்கியமானது. நேரம் மாறிப்போனாலும் அது காக்கும்.

வரிசையில் கடைசியாக வைஃபையையும் பார்த்தோம். பின்னறையில் ஆசிரியை உட்காரும் இடத்திலிருந்து எக்ஸ்டெண்டர் இல்லாமலே பெட்டிக்கு பிங் 3 முதல் 6 மில்லி வினாடி, இழப்பு ஒன்றும் இல்லை. அந்த எக்ஸ்டெண்டர் இப்போது ஷோகேஸில் இருக்கிறது.

## ஐப்பசியில் மிஞ்சியது

ஆவணி முகூர்த்தங்கள் அமைதியாகக் கழிந்தன. ஐப்பசி மழையில் புதிதாக ஒன்று கிளம்பியது. காற்றோடு மழை பெய்யும்போது இணைப்பு அரை நிமிடம் முழுதாகப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. இம்முறை ஆசிரியை என்னைக் கூப்பிடுவதற்கு முன் தானே பார்த்து வைத்திருந்தார். மாடியில் ஏற்றம் எதுவும் ஓடவில்லை. வீட்டுப் பெட்டிக்கு பிங் சீராக இருக்கிறது. வெளியே போகும் பிங் மெதுவாகவில்லை, வரிசையாக Request timed out. அந்த அரை நிமிடத்தில் LOS சிவப்பில் சிமிட்டுகிறது. மூன்று நாள் நேரம் குறித்திருந்தார், விளக்கைப் படமும் எடுத்திருந்தார்.

தாமதம் கூடுவதும் அடியோடு அறுவதும் வேறு வேறு நோய்கள். முதலாவதில் பாதை நெரிசல், இரண்டாவதில் பாதையே இல்லை. சிவப்பு விளக்கோடு சேர்ந்து வந்தால் அது ஃபைபர்தான்.

போன் செய்வதற்கு முன் ஒரே ஒரு எண்ணை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனால், நிலை காட்டும் பக்கத்தில் Rx Power என்று ஒரு வரி இருக்கும். பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் பலம் அது. மைனஸ் எண்ணாக இருக்கும், பூஜ்யத்துக்குக் கிட்ட இருந்தால் பலம் அதிகம். சாதாரண வீட்டுப் பெட்டிகள் மைனஸ் 27 டிபிஎம் வரை தாங்கும், அதற்குக் கீழே போனால் தொடர்பு அறும். இந்த வீட்டில் மழை இல்லாத நேரத்திலேயே மைனஸ் 26.4. விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. சில நிறுவனங்கள் இந்தப் பக்கத்தை வாடிக்கையாளருக்குக் காட்டுவதில்லை, அப்போது விளக்கின் படமே போதும். அந்தப் பக்கத்தில் எதையும் மாற்றக்கூடாது, பார்த்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

மாடிக்குப் போய்க் கம்பி வரும் வழியைக் கண்ணால் மட்டும் பார்த்தோம். தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கூர்மையாக மடிந்து, துணிக்கொடி கட்டிய கொக்கியில் சுற்றப்பட்டிருந்தது. காற்றில் கொடி ஆடும்போதெல்லாம் அந்த மடிப்பு இறுகியது. ஃபைபர் கூர்மையாக மடிந்தால் உள்ளே போகும் ஒளி அந்த வளைவில் கசிந்து வெளியேறிவிடும், நார் உடையவே வேண்டியதில்லை. மாமனார் கொக்கியிலிருந்து அவிழ்த்துவிடப் போனார், வேண்டாம் என்றேன். உள்ளே நார் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் நாம் தொட்ட மாத்திரத்தில் மொத்தமாகப் போய்விடும். பெட்டியில் சொருகியிருக்கும் பச்சை முனையையும் கழற்றக்கூடாது. அதன் முகத்தில் ஒரு தூசி பட்டாலே ஒளி குறையும். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் முனையை யாரும் உற்றுப் பார்க்கவும் கூடாது.

அதன் பிறகு ஆசிரியை போன் செய்தார். வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லிவிட்டு இவ்வளவுதான் பேசினார்: "காத்து மழைல LOS சிவப்பா சிமிட்டுது, அரை நிமிஷம் கட்டாயிடுது. மத்த நேரத்துல Rx Power மைனஸ் 26.4. கேபிள்ல நேரா சொருகிப் பார்த்தாச்சு. மாடி கைப்பிடிச் சுவர்ல ஃபைபர் மடிஞ்சிருக்கு." ரீஸ்டார்ட் பண்ணுங்க என்று எதிர்முனை சொல்லவில்லை. புகார் எண் கொடுத்தார்கள், எழுதி வைத்துக்கொண்டார். அந்த எண் இல்லாவிட்டால், சரிசெய்யாமல் புகாரை முடித்துவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வழியில்லை.

## நடந்தது

மறுநாள் வந்தவர் நேராக மாடிக்கே ஏறினார். மடிந்த பகுதியை வெட்டி எடுத்து, புதிதாக இணைத்து, கம்பியை ஒரு குழாய்க்குள் விட்டு அகலமான வளைவோடு இறக்கினார். அளவு மைனஸ் 20.8 வந்தது. "இப்படிச் சொன்னா எனக்கும் ஒரே நடையில முடியுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த பெருமழையில் தெருவில் மின்சாரம் போனதைத் தவிர வேறு தடங்கல் இல்லை.

200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறவில்லை. மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமனார் விடாமல் கேட்டார். பதில் கொஞ்சம் சங்கடமானது: மாலைத் தொல்லை தீர்ந்திருக்கும். கொழுந்தனாரின் பழைய கணினியின் கேபிள் துளை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தள்ளாது, 200-இல் அவரால் பாதையை நிரப்ப முடியாது. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டி, காரணம் தெரியாமலே நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவர் அடுத்த கணினி வாங்கும் நாளில் 1000 வரை தள்ளும் துளை வந்திருக்கும், தொல்லையும் திரும்பியிருக்கும். ஐப்பசி மழைக்கு எந்தத் திட்டமும் உதவியிருக்காது.

## வேறு வீட்டில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்

கேபிள் சொருகும் கணினி இல்லாத வீடுகளே இப்போது அதிகம். அங்கே மொபைலை பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் வைத்து, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரில் இணைத்துப் பார்ப்பது அடுத்த சிறந்த வழி. பிரவுசரில் fast.com திறந்து, முடிந்ததும் கூடுதல் விவரம் கேட்டால், தாமதத்தை Unloaded, Loaded என்று இரண்டாகக் காட்டும். முதலாவது லைன் சும்மா இருக்கும்போது, இரண்டாவது நிரம்பும்போது. மற்றவர்கள் பயன்படுத்தும்போது முதல் எண்ணே நூறுகளில் இருந்தால், இந்த வீட்டில் பார்த்த நெரிசல்தான் என்று சந்தேகிக்கலாம். போட்டோக்களைத் தானாக மேலே ஏற்றும் மொபைல், மேகத்தில் பதிவு செய்யும் கேமரா இவற்றை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

ஒவ்வொன்றாக விலக்கி, கேபிளில் ஒரே கணினி மட்டும் மிஞ்சிய பிறகும் மாலையில் பிங் எண் இறங்காமலே இருந்தால்? காலையில் அதே கேபிளில் அதே கணினியில் நன்றாக இருந்தால்? அது தெருவில் பலர் பகிர்ந்துகொள்ளும் பாதையின் நெரிசல். வீட்டுக்குள் இனித் தேட ஒன்றும் இல்லை. காலை, மாலை எண்களை இரண்டு மூன்று நாளுக்கு எழுதி, நேரத்தோடு சொல்லிப் புகார் கொடுக்கலாம். மாலையிலேயே வந்து பார்க்கும்படியும் கேட்க வேண்டும்.

இந்த வீட்டில் காலண்டர் பழக்கம் நிலைத்துவிட்டது. பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் வாடிக்கையாளர் எண், நல்ல நாளில் எடுத்த பிங் 11, Rx Power மைனஸ் 20.8 மூன்றும் எழுதியிருக்கிறது. கொழுந்தனார் தை மாத முகூர்த்தங்களுக்கு இப்போதே முன்பணம் வாங்கிவிட்டார்.